ஈக்விட்டி கர்வ்: ஒரு வரிசை தள்ளிப் போட்டால் லாபம் எங்கே போகிறது?

இடது மூலையில் தொடங்கி வலது மேல் மூலை வரை வழுக்காமல் ஏறும் ஒரு கோடு. "என் ஸ்ட்ராடஜியின் பேக்டெஸ்ட்" என்று, பழைய விலைகளில் தன் விதியை ஓட்டிப் பார்த்து யாராவது காட்டும் படம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். அதை வரையப் பைத்தானின் பாண்டாஸ் நூலகத்தில் ஐந்தாறு வரி போதும். ஆனால் அந்த வரிகளில் ஒன்றை விட்டுவிட்டாலும் நிரல் எந்தப் பிழையும் காட்டாமல் ஓடும். கோடு இன்னும் அழகாக ஏறும். தவறு செய்தவருக்குப் பரிசாக நல்ல படம் கிடைப்பதால்தான் இதில் இவ்வளவு பேர் ஏமாறுகிறார்கள். நானும் முதல் முறை அப்படி ஒரு படத்தை நம்பிப் பல வாரம் செலவழித்தேன்.

ஈக்விட்டி கர்வ் என்றால், ஒரு விதிப்படி வாங்கி விற்றிருந்தால் நம் பணம் ஒவ்வொரு நாள் முடிவிலும் எவ்வளவாக இருந்திருக்கும் என்று காட்டும் கோடு. இந்தக் கட்டுரையில் எட்டே எட்டு நாள் விலையை வைத்துக்கொண்டு அந்தக் கோட்டைக் கட்டுவோம். எட்டு நாள் என்பதால் ஒவ்வொரு எண்ணையும் பேப்பரில் போட்டுச் சரிபார்க்கலாம்.

## விலையும் சிக்னலும்

சிக்னல் என்பது ஒரு நாளின் விலையைப் பார்த்து நாம் எடுக்கும் முடிவு: 1 என்றால் பங்கு கையில் இருக்கவேண்டும், 0 என்றால் இருக்கக்கூடாது. நம் விதி மிக எளியது. இன்றைய முடிவு விலை, இன்றோடு சேர்த்து கடைசி மூன்று நாள் சராசரியை விட மேலே இருந்தால் 1.

```python
import pandas as pd

df = pd.DataFrame({"close": [100, 102, 104, 101, 99, 103, 106, 104]})
avg = df["close"].rolling(3).mean()
df["signal"] = (df["close"] > avg).astype(int)
df["ret"] = df["close"].pct_change().fillna(0)
```

`pct_change()` தருவது தின ரிட்டர்ன், அதாவது நேற்றைய முடிவு விலையிலிருந்து இன்றைய முடிவு விலை எத்தனை சதவீதம் மாறியது என்பது. இங்கே `for` லூப் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு நாளாக நடந்து போகாமல் அட்டவணையின் முழுப் பத்தியையும் ஒரே வீச்சில் கணக்கிடுகிறோம். இதைத்தான் வெக்டரைஸ் செய்வது என்கிறார்கள். பல வருட விலைகள் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும்.

இதற்கு ஒரு விலை உண்டு. லூப்பில் ஒரு நாளில் நிற்கும்போது மறுநாள் விலை நம் கையில் இருக்காது. பத்தி முழுவதையும் ஒன்றாகப் பிடிக்கும்போது எல்லா நாளும் ஒரே நேரத்தில் கண்முன் இருக்கிறது. எந்த நாளில் எது தெரியும் என்பதை இங்கே நாம்தான் கவனித்துக்கொள்ள வேண்டும்.

## குடைக் கணக்கு

மாலையில் வீடு திரும்புகிறீர்கள். பகலில் மழை கொட்டியிருக்கிறது. உடனே டைரியில் "இன்று காலை குடை எடுத்துப் போனேன், நனையவில்லை" என்று எழுதுகிறீர்கள். மழை பெய்யாத நாட்களில் "குடை எடுக்கவில்லை, கை சும்மா இருந்தது" என்று எழுதுகிறீர்கள். வருடக் கடைசியில் அந்த டைரியைப் புரட்டினால் ஒரு நாள்கூட நனைந்திருக்க மாட்டீர்கள். டைரியில் எழுதிய முடிவு ஒவ்வொன்றும் மழையைப் பார்த்த பிறகு எடுத்தது என்பதுதான் காரணம்.

புதிதாக எழுதுபவர்கள் போடும் இந்த வரி அதே டைரிதான்:

```python
wrong = df["signal"] * df["ret"]
```

மூன்றாம் நாளை எடுத்துக்கொள்வோம். அன்று விலை 102-லிருந்து 104-க்கு ஏறியது. மூன்று நாள் சராசரி 102. விலை சராசரிக்கு மேலே, எனவே சிக்னல் 1. ஆனால் அந்த 1 எப்போது தெரிந்தது? 104-இல் சந்தை முடிந்த பிறகுதான். மேலே உள்ள வரியோ 102-லிருந்து 104 வரை ஏறிய லாபத்தை, அந்த ஏற்றத்தைப் பார்த்து வந்த சிக்னலுக்கே கொடுத்துவிடுகிறது.

சராசரியை ஒட்டிய விதிகளில் இது இன்னும் மோசமாகும். பெரும்பாலும் விலை நன்றாக ஏறிய நாளில்தான் அது சராசரியைத் தாண்டும். ஆக சிக்னல் 1 ஆகும் நாட்களில் அதிகமானவை இயல்பாகவே ஏறிய நாட்களாக இருக்கும். நம் எட்டு நாளில் சிக்னல் 1 ஆன நாட்கள் 3, 6, 7. மூன்றுமே ஏறிய நாட்கள். வருங்காலத்தை எட்டிப் பார்க்கும் இந்தத் தவறுக்கு லுக்-அஹெட் பயஸ் என்று பெயர்.

## பொசிஷன்: சிக்னலை ஒரு நாள் தள்ளுவது

பொசிஷன் என்பது ஒரு நாளின் ரிட்டர்ன் நடக்கும்போது உண்மையில் நம் கையில் என்ன இருந்தது என்பது. நேற்று மாலை எடுத்த முடிவுதான் இன்று கையில் இருக்கும். அதனால் சிக்னல் பத்தியை ஒரு வரிசை கீழே இறக்குகிறோம்.

```python
df["pos"] = df["signal"].shift(1).fillna(0)
df["gross"] = df["pos"] * df["ret"]
```

`shift(1)` ஒவ்வொரு மதிப்பையும் அடுத்த வரிசைக்குத் தள்ளும். முதல் வரிசை காலியாகிவிடும், அங்கே 0 போடுகிறோம். இப்போது அட்டவணை இப்படி இருக்கும்:

| நாள் | விலை | ரிட்டர்ன் | சிக்னல் | பொசிஷன் |
|---|---|---|---|---|
| 1 | 100 | 0 | 0 | 0 |
| 2 | 102 | 2.00% | 0 | 0 |
| 3 | 104 | 1.96% | 1 | 0 |
| 4 | 101 | -2.88% | 0 | 1 |
| 5 | 99 | -1.98% | 0 | 0 |
| 6 | 103 | 4.04% | 1 | 0 |
| 7 | 106 | 2.91% | 1 | 1 |
| 8 | 104 | -1.89% | 0 | 1 |

தள்ளாமல் கணக்குப் போட்டால் 3, 6, 7 ஆம் நாட்களின் லாபம் கிடைக்கும், மொத்தம் 9.17% லாபம். தள்ளிக் கணக்குப் போட்டால் 4, 7, 8 ஆம் நாட்கள்தான் நமக்கு, மொத்தம் 1.94% நஷ்டம். அதே விலை, அதே விதி. சும்மா வாங்கி வைத்திருந்தால்கூட 4% லாபம் வந்திருக்கும்.

சுருக்கமாக: சிக்னல் என்பது மாலையில் எடுத்த முடிவு, பொசிஷன் என்பது மறுநாள் கையில் இருந்தது. ரிட்டர்னோடு பெருக்க வேண்டியது பொசிஷனை மட்டுமே.

## ஒரு நாள் தள்ளினால் போதுமா?

`shift(1)` போட்டவுடன் எல்லாம் நேர்மையாகிவிட்டது என்று பலரும் நினைக்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். நான்காம் நாளின் ரிட்டர்ன் 104-லிருந்து 101 வரை. அதை நாம் அனுபவித்தோம் என்றால், மூன்றாம் நாள் முடிவு விலையான 104-லேயே வாங்கினோம் என்று பொருள். அந்த 104 தெரிந்த பிறகுதான் சிக்னலே வந்தது. அதே விலையில் எப்படி வாங்கினோம்?

இந்தியாவின் தேசியப் பங்குச் சந்தையில் இது நடைமுறையில் இன்னும் சிக்கல். அங்கே முடிவு விலை என்று நெடுங்காலமாக அறிவிக்கப்பட்டு வந்தது கடைசியாக நடந்த வியாபாரத்தின் விலை இல்லை. கடைசி அரை மணி நேர வியாபாரங்களின், அளவைக் கணக்கில் எடுத்த சராசரி அது. அந்த எண் கையில் கிடைக்கும்போது வழக்கமான வியாபார நேரம் முடிந்திருக்கும்.

விதி மெதுவானது என்றால், அதாவது சில மாதங்களுக்கு ஒருமுறைதான் மாறும் என்றால், இந்தச் சின்னப் பொய்யைப் பொறுத்துக்கொள்ளலாம். அடிக்கடி மாறும் விதி என்றால் மறுநாள் காலைத் தொடக்க விலையில் வாங்குவதாக வைப்பதே சரி. தரவில் தொடக்க விலைப் பத்தி இருந்தால் இப்படி:

```python
df["ret"] = df["open"].pct_change().fillna(0)
df["pos"] = df["signal"].shift(2).fillna(0)
```

இங்கே ஏன் 2? விரலால் எண்ணிப் பாருங்கள். திங்கள் மாலை சிக்னல். செவ்வாய் காலை வாங்குகிறோம். முதல் லாபமோ நஷ்டமோ செவ்வாய் காலையிலிருந்து புதன் காலை வரை. `open.pct_change()` அந்த மாற்றத்தைப் புதன் வரிசையில்தான் எழுதும். திங்களின் சிக்னல் புதனுக்குப் போக இரண்டு படி. தொடக்க விலைக்கு மாறியவர்கள் பழக்கத்தில் `shift(1)` என்றே விட்டுவிட்டால், வருங்காலம் மறுபடி உள்ளே நுழைந்துவிடும். "இந்த வரிசையில் இருக்கும் ரிட்டர்ன் எப்போது தொடங்கியது, அதற்கு முன் சிக்னல் தெரிந்ததா?" என்று கேட்டுப் பார்ப்பதுதான் எண்ணை மனப்பாடம் செய்வதைவிடப் பாதுகாப்பு.

இன்னொரு இடத்திலும் கவனம் வேண்டும். சில தளங்களில் இறக்கும் சிஎஸ்வி கோப்பில் புதிய தேதி மேலே இருக்கும். அதை அப்படியே படித்தால் "ஒரு வரிசை கீழே" என்பது "ஒரு நாள் முன்னால்" ஆகிவிடும். தேதியை இண்டெக்ஸாக வைத்து முதலிலேயே `sort_index()` போட்டுவிடுங்கள். ஒரே அட்டவணையில் பல பங்குகள் அடுத்தடுத்து இருந்தால் `groupby("symbol")["signal"].shift(1)` என்று பங்கு வாரியாகத் தள்ளவேண்டும். இல்லாவிட்டால் ஒரு பங்கின் கடைசி நாள் சிக்னல் அடுத்த பங்கின் முதல் நாளில் போய் உட்காரும்.

## கூட்டுவதா, பெருக்குவதா?

தின லாப நஷ்டம் கிடைத்துவிட்டது. இனி அதைக் கோடாக்க வேண்டும். பலர் `cumsum()` போட்டு எல்லாச் சதவீதத்தையும் கூட்டிவிடுகிறார்கள்.

100 ரூபாய் முதல் நாள் 10% ஏறினால் 110. மறுநாள் 10% இறங்கினால் 99. கூட்டினால் விடை 0%, கையில் இருப்பதோ 1 ரூபாய் குறைவு. இரண்டாம் நாள் சதவீதம் 100-க்கு இல்லை, 110-க்கு என்பதே காரணம். வட்டிக்கு வட்டி என்று நாம் சொல்வது இதுதான். ஏறும்போது நமக்கு உதவும், ஏறி இறங்கும்போது அரித்துத் தின்னும். ஒரு பங்கு 250 நாள் மாறி மாறி 2% ஏறி 2% இறங்கினால், கூட்டல் கணக்கு 0 காட்டும். உண்மையில் பணம் கிட்டத்தட்ட 4.9% கரைந்திருக்கும்.

ஆகவே ஒவ்வொரு நாளையும் (1 + ரிட்டர்ன்) என்று ஆக்கி, வரிசையாகப் பெருக்கிக்கொண்டே போகிறோம். `cumprod()` செய்வது அதைத்தான்:

```python
df["equity_gross"] = 100000 * (1 + df["gross"]).cumprod()
```

1,00,000 ரூபாயில் தொடங்கினால் எட்டாம் நாள் முடிவில் 98,058 ரூபாய்.

கூட்டல் எப்போதுமே தவறு என்று சொல்லமாட்டேன். ஒருவர் தினமும் அதே 1,00,000 ரூபாயை மட்டும் போட்டு, லாபத்தை எடுத்து வைத்து, நஷ்டத்தைத் தன் பையிலிருந்து நிரப்பினால் கூட்டல்தான் சரி. எப்போதும் ஒரே ஒரு லாட் ஃபியூச்சர்ஸ் வியாபாரம் செய்பவருக்கும் ரூபாய்க் கணக்கைக் கூட்டுவதே பொருத்தம். வந்ததையெல்லாம் திரும்பப் போடுபவருக்குப் பெருக்கல். நீங்கள் யார் என்பதை முடிவு செய்துவிட்டு அதற்கேற்ற கோட்டை வரையுங்கள்.

## கட்டணம்: சேதாரம் மாதிரி

பழைய நகையைக் கொடுத்துப் புது நகை வாங்கும் ஒவ்வொரு முறையும் செய்கூலி, சேதாரம் என்று ஒரு பங்கு போய்விடும். தங்கம் விலை ஏறினாலும் இறங்கினாலும் அது போகும். மாற்றாமல் வைத்திருப்பவருக்கு அந்தச் செலவு இல்லை. பங்கிலும் அப்படித்தான்: கையில் வைத்திருப்பதற்கு இல்லை, கை மாறுவதற்குத்தான் கட்டணம்.

இந்தியாவில் பங்கை டெலிவரியாக வாங்கி விற்றால், பங்குப் பரிவர்த்தனை வரி வாங்கும்போது 0.1%, விற்கும்போதும் 0.1%. வாங்கும்போது முத்திரைத் தீர்வை 0.015%. இவற்றோடு சந்தைக் கட்டணமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் கொஞ்சம். தரகர் ப்ரோக்கரேஜே வாங்காவிட்டாலும் இவை உண்டு. நாம் ஒரு பக்கத்துக்கு 0.12% என்று வைத்துக்கொள்வோம்.

எத்தனை முறை கை மாறியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பொசிஷன் பத்தியில் இன்றைக்கும் நேற்றைக்கும் உள்ள வித்தியாசம்தான் கை மாறிய அளவு. அதற்கு டர்ன்ஓவர் என்று பெயர். வாங்கினாலும் விற்றாலும் கட்டணம் உண்டு என்பதால் கூட்டல் கழித்தல் குறியை `abs()` கொண்டு நீக்குகிறோம்.

```python
fee = 0.0012
df["turn"] = df["pos"].diff().abs().fillna(0)
df["net"] = (1 + df["gross"]) * (1 - fee * df["turn"]) - 1
df["equity"] = 100000 * (1 + df["net"]).cumprod()
```

நம் அட்டவணையில் பொசிஷன் 4 ஆம் நாள் 0-லிருந்து 1, 5 ஆம் நாள் 1-லிருந்து 0, 7 ஆம் நாள் மறுபடி 1. மூன்று முறை கட்டணம். 98,058 என்பது 97,706 ஆகிறது. எட்டாம் நாள் மாலை சிக்னல் 0 ஆகிவிட்டதால் விற்கவேண்டும். ஆனால் அந்த விற்பனை ஒன்பதாம் வரிசையில்தான் தெரியும், அப்படி ஒரு வரிசை இல்லை. நீண்ட தரவில் இந்த ஒரு கட்டணம் விட்டுப் போவது பெரிதில்லை, இப்படிச் சின்னக் கணக்கில் நினைவில் வைக்கவேண்டும்.

இங்கே அடிக்கடி பார்க்கும் தவறு, `signal` 1 ஆக இருக்கும் எல்லா நாளும் கட்டணம் கழிப்பது. அது நகையைத் தினமும் உருக்குவது மாதிரி. இன்னொரு தவறு நேர் எதிர்: வாங்கும் பக்கத்தை மட்டும் எண்ணிவிட்டு விற்கும் பக்கத்தை மறப்பது. பொசிஷன் +1-லிருந்து -1-க்குப் போனால் வித்தியாசம் 2; இரட்டைக் கட்டணம் விழுவது சரிதான், ஏனென்றால் இருப்பதை விற்று, அதற்கு மேல் கையில் இல்லாததையும் விற்று ஷார்ட்டும் போகிறோம்.

0.12% பார்க்கச் சின்னதாக இருக்கிறது. வருடத்தில் 50 முறை வாங்கி 50 முறை விற்றால் 0.9988-ஐ நூறு முறை பெருக்கவேண்டும். விடை 0.887 அளவில் நிற்கும். வேறு எதுவும் நடக்காமலே பணத்தில் 11%-க்கு மேல் காலி. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையிலான இடைவெளியில் இழப்பதை இதில் நான் சேர்க்கவே இல்லை. வியாபாரம் குறைவாக நடக்கும் பங்குகளில் அது வரியைவிடப் பெரிதாக இருக்கலாம்.

இதுவரை: பொசிஷனை ரிட்டர்னோடு பெருக்கினோம், பொசிஷன் மாறிய இடங்களில் மட்டும் கட்டணம் கழித்தோம், மிஞ்சியதை `cumprod()` செய்தோம். கட்டணம் கழிப்பது `cumprod()`-க்கு முன் நடக்கவேண்டும். கோட்டை வரைந்துவிட்டு மொத்தக் கட்டணத்தைக் கடைசியில் கழித்தால், கட்டணமாகப் போன பணமும் இடையில் வளர்ந்ததாகக் கணக்கு வரும்.

## சரியாக வந்ததா என்று எப்படித் தெரியும்?

நான் எந்தப் புதுக் கணக்கிலும் முதலில் சிக்னல் பத்தி முழுவதும் 1 போட்டு ஓட்டிப் பார்ப்பேன். அப்போது கட்டணம் இல்லாத கோடு, விலையை முதல் நாள் விலையால் வகுத்து 1,00,000-ஆல் பெருக்கியதோடு இம்மி பிசகாமல் பொருந்தவேண்டும். நம் எட்டு நாளில் 1,04,000 வரவேண்டும். கட்டணத்தோடு ஓட்டினால் ஒரே ஒரு 0.12% குறையவேண்டும், அதாவது 1,03,875. வேறு எண் வந்தால் பிழை உங்கள் நிரலில் இருக்கிறது.

அடுத்து வேண்டுமென்றே ஏமாற்றும் சிக்னல்: `(df["ret"] > 0).astype(int)`. ஏறிய நாளில் மட்டும் 1. இதைக் கொடுத்தும் கோடு ஒரு நாள்கூட இறங்காமல் ஏறினால், எங்கோ தள்ள மறந்துவிட்டீர்கள்.

மூன்றாவதாக, உங்கள் உண்மையான சிக்னலை ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள் எனத் தள்ளித் தள்ளிப் பாருங்கள். மாதக்கணக்கில் வைத்திருக்கும் விதி என்றால் ஒரு நாள் தாமதத்தில் பெரிதாக எதுவும் மாறாது. தள்ளாதபோது வானத்தைத் தொட்ட கோடு ஒரு நாள் தள்ளியவுடன் தரையில் விழுந்தால், லாபம் முழுவதும் அந்த ஒரு நாளைத் திருடியதில் வந்தது.

கோட்டில் ஒரே நாளில் பாதியாக விழும் இடம் இருந்தால் விலையைப் பாருங்கள். ஒரு பங்குக்கு இன்னொன்று இலவசம் என்று 1:1 போனஸ் கொடுத்த நாளில், சரிசெய்யாத விலை பாதியாகத் தெரியும். அது நஷ்டம் இல்லை, தரவின் குறை. சரிசெய்த விலையை வாங்கிப் போடவேண்டும்.

## இந்த முறை எட்டாத இடம்

பொசிஷன் 0, 1 என்று மட்டும் இருக்கும்வரை இந்தக் கணக்கு நேர்மையானது. 0.5 என்று வைத்தால் ஒரு மறைவான வியாபாரம் நுழைகிறது. 1,00,000 ரூபாயில் 50,000 பங்கில், மீதி ரொக்கம். பங்கு 4% ஏறினால் பங்கு 52,000, மொத்தம் 1,02,000. மறுநாளும் சரிபாதி இருக்கவேண்டுமானால் 1,000 ரூபாய்ப் பங்கை விற்றாக வேண்டும். `0.5 * ret` அதை விற்றதாகவே எடுத்துக்கொள்கிறது, ஆனால் `diff()` 0 காட்டுவதால் கட்டணம் விழாது. அடிக்கடி இப்படி ஆகும் விதியில் கோடு உண்மையைவிட சற்று மேலே நிற்கும்.

ஸ்டாப்லாஸ் இன்னும் கடினம். "வாங்கிய விலையிலிருந்து 5% இறங்கினால் விற்றுவிடு" என்றால், இன்றைய பொசிஷன் நேற்றைய சிக்னலை மட்டும் சார்ந்ததில்லை. எப்போது வாங்கினோம், இதற்கிடையில் ஏற்கெனவே வெளியேறிவிட்டோமா என்பதையும் சார்ந்தது. ஒரு நாளின் விடை தெரிந்தால்தான் அடுத்த நாளைக் கணக்கிட முடியும். அங்கே பத்தி முழுவதையும் ஒரே வீச்சில் பிடிக்கும் இந்த வழி உதவாது. அந்தப் பொசிஷன் பத்தியை மட்டும் `for` லூப்பில் ஒவ்வொரு நாளாக நிரப்பிக்கொண்டு, அதன் பிறகு ரிட்டர்னோடு பெருக்குவது, கட்டணம் கழிப்பது, `cumprod()` செய்வது எல்லாவற்றையும் மேலே எழுதிய அதே வரிகளிடம் விட்டுவிடலாம்.